டிப்ளமோ இல்லாத ஆபரேட்டர், சூப்பர்வைசர் பதவி கேட்டு எழுதும் கடிதம்

"பதினோரு வருடமாக இந்தக் கம்பெனியில் உண்மையாக உழைத்து வருகிறேன். ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன். படிப்பு இல்லாவிட்டாலும் அனுபவம் இருக்கிறது. இந்த வாய்ப்பைத் தந்து உதவ வேண்டுகிறேன்."

ஷாப் ஃப்ளோரிலிருந்து சூப்பர்வைசர் பதவி கேட்டு எழுதப்படும் கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த அச்சில்தான் இருக்கும். ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனாலும் புரொடக்ஷன் மேனேஜர் இதை ஃபைலில் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். ஏனென்றால் இதில் சொல்லியிருப்பதெல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். இவர் நல்ல ஆபரேட்டர், ஒழுங்காக வருகிறவர், சொன்ன வேலையைச் செய்கிறவர். அவருக்குத் தெரியாதது ஒன்றுதான்: இவர் மெஷினைவிட்டுத் தள்ளி நின்றால் லைன் என்ன ஆகும்? கடிதம் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

இதில் நல்ல ஆபரேட்டருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அவர் எவ்வளவு நல்லவரோ அவ்வளவுக்கு அவரை மெஷினிலிருந்து எடுக்க மேனேஜர் தயங்குவார். "இவரை சூப்பர்வைசராக்கினால் அந்த போரிங் ஆபரேஷனை யார் பார்ப்பது?" என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாத கேள்வி. பல விண்ணப்பங்கள் தட்டிப்போவது டிப்ளமோ இல்லாததால் என்று நினைக்கிறோம். உள்ளே பார்த்தால் காரணம் அந்தக் காலி இடமாக இருக்கும். ஆகவே கடிதத்தில் முதலில் வர வேண்டிய தகவல், "என் மெஷினை என்னைப் போலவே ஓட்ட இரண்டு பேர் தயாராக இருக்கிறார்கள்" என்பது. இந்த ஒரு வரி இரண்டு வேலை செய்யும். மேனேஜரின் பயத்தைத் தீர்க்கும்; கூடவே, சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் என்பதற்குச் சாட்சியாகவும் நிற்கும்.

1940களில், போர்க்கால அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்காக 'ட்ரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி' என்ற பயிற்சித் திட்டம் உருவானது. அனுபவசாலித் தொழிலாளிகளை அவசர அவசரமாக மேற்பார்வைக்கு உயர்த்த வேண்டியிருந்த காலம் அது. ஒரு சூப்பர்வைசருக்கு ஐந்து தேவை என்று அதில் வகுத்தார்கள்: வேலையைப் பற்றிய அறிவு, பொறுப்புகளைப் பற்றிய அறிவு, சொல்லிக்கொடுக்கும் திறன், வேலை முறையை மேம்படுத்தும் திறன், ஆட்களை நடத்தும் திறன். இன்றைக்கும் இது நல்ல அளவுகோல். மெஷின் ஓட்டுகிறவரிடம் முதலாவது இருக்கிறது. அதை நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் நம் கடிதங்களில் பத்து வரி எழுதினால் ஒன்பது வரி அந்த முதலாவதைப் பற்றித்தான் இருக்கும். மீதி நான்குக்கும் ஆளுக்கொரு சாட்சி கிடைத்தால் கடிதம் எழுந்து நிற்கும். 'தலைமைப் பண்பு' என்ற சொல்லை ஓர் இடத்தில்கூட எழுத வேண்டாம். நடந்ததை எழுதினால் படிக்கிறவரே அந்தச் சொல்லுக்கு வந்துவிடுவார்.

ஓர் உதாரணத்தை முழுசாக எடுத்துக்கொள்வோம். சிஎன்சி டர்னிங் செக்ஷன், நான்கு மெஷின், இரண்டு ஷிஃப்ட். இரவு ஷிஃப்ட் கிடையாது. ஒரு புஷ்ஷின் உள்துளை, ஷாப் ஃப்ளோர் மொழியில் போர், 25 மில்லிமீட்டர்; அதற்கு எச்7 என்ற அளவு வரம்பு. அதாவது 25.000 முதல் 25.021 வரை போகலாம். மொத்த இடம் 21 மைக்ரான். ஒரு பீஸுக்கு 90 செகண்ட், ஷிஃப்டுக்கு 450 நிமிடம் ஓட்டம், 300 பீஸ். காலை ஷிஃப்டில் முதல் அரை மணி நேரத்திலேயே எட்டு, ஒன்பது பீஸ் ரிஜெக்ஷன் ஆகிறது. "காலையில அப்படித்தான் போகும், போகப் போக சரியாயிடும்" என்று எல்லோரும் பழகிவிட்டார்கள்.

காரணம் மெஷினின் குளிர்ச்சி. இரவு முழுவதும் நின்ற மெஷின் காலையில் ஓட ஆரம்பித்ததும் ஸ்பிண்டில் சூடாகிறது, ஹெட்ஸ்டாக் சூடாகிறது, பால் ஸ்க்ரூ நீள்கிறது. ஒரு மீட்டர் இரும்பு, வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறக்குறைய 12 மைக்ரான் நீளும். டூலுக்கும் ஸ்பிண்டில் மையத்துக்கும் உள்ள தூரம் சில மைக்ரான் நகர்ந்துவிடும். எந்தப் பக்கம் நகரும் என்பது மெஷினின் அமைப்பைப் பொறுத்தது. 21 மைக்ரானுக்குள் பிடிக்க வேண்டிய போரில் 15 மைக்ரான் நகர்வு என்றால் இடமே இல்லை. ஆபரேட்டர் முதல் பீஸை அளந்து, குளிர்ந்த மெஷினுக்கு ஏற்றபடி டூலின் நிலையைத் திருத்தும் எண்ணை, அதாவது ஆஃப்செட்டை, போடுகிறார். இருபது பீஸ் கழித்து அளவு தானாக நகர்ந்துவிடுகிறது. மறுபடி ஆஃப்செட். டூலின் வெட்டும் முனையான இன்சர்ட் தேயும்போது போர் சிறுத்துக்கொண்டு வருவது வேறு கதை. அது மெதுவாக, ஒரே பக்கமாக நடக்கும். இது வேகமாக நடந்து அரை மணியில் நின்றுவிடும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஆஃப்செட்டை மாற்றிக்கொண்டே இருந்தால் ரிஜெக்ஷன்தான் மிஞ்சும்.

ஓர் ஆபரேட்டர் இதைக் கண்டுபிடித்து, காலையில் 15 நிமிடம் வார்ம்-அப் புரோகிராம் ஓட்டலாம் என்கிறார். நல்ல யோசனை. ஆனால் இதை அப்படியே கடிதத்தில் எழுதினால் மேனேஜர் மனக்கணக்கு ஒன்று போடுவார். 15 நிமிடம் என்பது பத்து பீஸ். ரிஜெக்ஷனில் ஆறு பீஸ் மிச்சமானாலும் புரொடக்ஷனில் பத்து போகிறதே? யோசனை அங்கேயே செத்துவிடும். வேலை தெரிந்தவரும் மேற்பார்வை தெரிந்தவரும் பிரியும் இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அந்த 15 நிமிடத்தை எங்கிருந்து எடுப்பது என்பதற்கும் பதில் வைத்திருப்பவர்தான் சூப்பர்வைசராக யோசிக்கிறவர்.

இந்த உதாரணத்தில் பதில் ஏற்கெனவே அங்கேயே இருந்தது. காலை ஷிஃப்ட் மீட்டிங் 15 நிமிடம் நடக்கிறது. அப்போது நான்கு மெஷினும் சும்மா நிற்கின்றன. மீட்டிங்குக்குப் போகும் முன் சக்கில் ஒரு டம்மி பீஸைப் பிடித்து, கதவைச் சாத்தி, டூல் எதையும் தொடாதபடி ஸ்பிண்டிலையும் இரண்டு அச்சுகளையும் ஓட்டும் சின்ன புரோகிராமைப் போட்டுவிட்டால் போதும். ஆனால் ஆள் பக்கத்தில் இல்லாமல் மெஷின் ஓடலாமா என்பது ஆபரேட்டர் தானாக முடிவெடுக்கும் விஷயம் அல்ல. மெயின்டனன்ஸிடமும் சேஃப்டி பொறுப்பாளரிடமும் கேட்டு, புரோகிராமைக் காட்டி, வேகத்துக்கு வரம்பு வைத்து, எழுத்தில் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். கடிதத்தில் அந்த அனுமதி ஒரு பாதி வரியாக வந்தாலும், அதன் எடை அதிகம். தன் எல்லை எது என்று தெரிந்தவர் என்பதை அது காட்டும்.

அடுத்தது கணக்கு. ஒரு மெஷினில் நான்கு வாரம், 24 வேலை நாள், பழைய முறையில் ஓடியது; அடுத்த 24 நாள் புதிய முறையில் ஓடியது. காலை ஷிஃப்ட் ரிஜெக்ஷன் ரெஜிஸ்டரில் முன்பு 216, பிறகு 72. ஷிஃப்டுக்கு ஒன்பதிலிருந்து மூன்று. 300 பீஸில் 3 சதவீதத்திலிருந்து 1 சதவீதம். கடிதத்துக்கு இந்த எண்கள் போதும். இதை "வருடத்துக்கு இவ்வளவு பணம் மிச்சம்" என்று பெருக்கிக் காட்டும் ஆசை வரும். பீஸின் அடக்க விலை ஷாப் ஃப்ளோரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரியாத விலையால் பெருக்கிய எண்ணை அக்கவுண்ட்ஸ் ஒரு நிமிடத்தில் உடைத்துவிடும், பிறகு சரியான எண்களையும் யாரும் நம்பமாட்டார்கள். பீஸ் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்வதே பலம்.

எண்களை எடுக்கும்போது வேறு ஏதாவது மாறியதா என்றும் பார்க்க வேண்டும். அதே மாதத்தில் இன்சர்ட் கம்பெனி மாறியிருந்தால், புது மெட்டீரியல் லாட் வந்திருந்தால், அந்த இறக்கத்துக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். குவாலிட்டி இன்ஜினியரிடம் முன்கூட்டியே காட்டி, "இந்த எண் சரிதானா?" என்று கேட்டுவிடுவது நல்லது. நாளைக்கு மேனேஜர் அவரைத்தான் கேட்கப் போகிறார். ரெஜிஸ்டர் பக்கங்களை செல்போனில் படமெடுத்து இணைக்க வேண்டாம். பல தொழிற்சாலைகளில் அதுவே ஒழுங்கு நடவடிக்கைக்குக் காரணமாகிவிடும். எந்த ரெஜிஸ்டர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று குறிப்பிட்டால் போதும். வேண்டுமென்றால் அவர்களே எடுத்துப் பார்ப்பார்கள்.

இதுவரை சொன்னது வேலை முறையை மேம்படுத்துவது. ஆட்களை நடத்துவது இதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது, எழுதுகிறவர்தான் அதைக் கவனிப்பதில்லை. ஒரு மெஷினில் சரியானது மற்ற மூன்று மெஷினுக்கும் எப்படிப் போனது? சூப்பர்வைசர் உத்தரவு போட்டுப் போகவில்லை. சக ஆபரேட்டர்கள் ஒப்புக்கொண்டு போனது. அதில் ஒருவர், "என் மெஷின் பழசு, அதுக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று மறுத்தார் என்று வைத்துக்கொள்வோம். அவரோடு வாதாடாமல், "அண்ணே, ஒரு வாரம் மட்டும் ஒண்ணாவது, பத்தாவது, இருபதாவது, முப்பதாவது பீஸை நீங்களே அளந்து எழுதிப் பாருங்க" என்று ஒரு தாளைக் கொடுத்தால், அந்த நான்கு எண்ணும் அவரிடம் பேசும். ஐந்தாவது நாள் அவராகவே டம்மி பீஸ் கேட்டு வருவார். பதவி இல்லாத ஒருவர், தன்னைவிட மூத்தவரை, மனம் கோணாமல் வேலை முறையை மாற்ற வைத்திருக்கிறார். சூப்பர்வைசர் தினமும் செய்ய வேண்டிய வேலை அதுதான். கடிதத்தில் அதற்கு இரண்டு வரி ஒதுக்க வேண்டும். மறுத்தவர் பெயர் வரக்கூடாது.

பொறுப்பைத் தெரிந்துகொள்வதற்குச் சாட்சி வேண்டுமென்றால், கெட்ட செய்தியை மேலே சொன்ன ஒரு நாளைத் தேடுங்கள். இரண்டாவது ஷிஃப்டில் ஒன்பது மணிக்கு அளந்த பீஸ் சரி. பத்து மணிக்கு அளந்தது அளவுக்குள் இல்லை. பலர் செய்வது, ஆஃப்செட் போட்டுவிட்டுத் தொடர்ந்து ஓட்டுவது. நடுவில் போன 40 பீஸ் டிரேயில் நல்ல பீஸோடு கலந்துவிடும். சரியானது, மெஷினை நிறுத்தி, கடைசியாகச் சரியாக இருந்த பீஸ் வரைக்கும் பின்னால் போய், அந்த 40-ஐயும் தனியே எடுத்து சிவப்பு டேக் கட்டி, குவாலிட்டிக்குச் சொல்லி, ஒவ்வொன்றாக அளப்பது. அப்படி அளந்ததில் 26 நல்லது, 14 போனது என்றால், அந்த 14 அன்றைய கணக்கில் அவர் பெயரில்தான் ஏறும். தெரிந்தே ஏற்றிக்கொண்டவர் என்பது ஒரு மேனேஜருக்கு மிகப் பெரிய தகவல். ஷிஃப்டில் யாரும் பார்க்காத நேரத்தில் லைனை யாரிடம் விட்டுப்போகலாம் என்பதற்கான பதில் அதில் இருக்கிறது. இப்படி ஒரு சம்பவத்தைக் கடிதத்தில் எழுதக் கூச்சப்படுகிறார்கள், தப்பை ஒப்புக்கொள்வதுபோல் இருக்கிறதே என்று. கூச்சம் வேண்டாம்.

சொல்லிக்கொடுப்பதைப் பற்றி எழுதும்போது "பலருக்குப் பயிற்சி கொடுத்துள்ளேன்" என்று முடித்துவிடக்கூடாது. மேலே சொன்ன திட்டத்திலேயே கற்றுக்கொடுக்க நான்கு படி உண்டு: கற்பவரைத் தயார்ப்படுத்துவது, வேலையைச் செய்து காட்டுவது, அவரைச் செய்யவிட்டுப் பார்ப்பது, பிறகு விடாமல் கவனிப்பது. நம் தொழிற்சாலைகளில் இரண்டாவதோடு பயிற்சி முடிந்துவிடும். நாலாவது நடப்பதே அபூர்வம். எத்தனை பேர், எத்தனை வாரம், எந்த வேலையைத் தனியாகச் செய்கிறார்கள், யாருக்கு எந்த வேலை தெரியும் என்று காட்டும் ஸ்கில் மேட்ரிக்ஸில் அது பதிவாகியிருக்கிறதா என்று எழுதினால் அதுவே வேறு எடை. செட்டிங் மாற்றுவதும் போர் அளப்பதும் வேறு வேறு திறமை. மேட்ரிக்ஸில் பதிவாகாத பயிற்சி நடக்காத பயிற்சிதான், குறைந்தபட்சம் எச்.ஆர். பார்வையில். கடிதம் கொடுப்பதற்கு ஒரு மாதம் முன்பே அந்தப் பதிவைச் சரிபார்த்துவிட வேண்டும்.

இனி படிப்பு. அறிவிப்பில் 'டிப்ளமோ' என்று போட்டிருக்கும். இதற்கு மன்னிப்புக் கேட்கும் தொனியும் வேண்டாம், "படித்தவர்களைவிட எனக்குத் தெரியும்" என்ற தொனியும் வேண்டாம். இரண்டாவது இன்னும் ஆபத்து. கடிதத்தைப் படிக்கிற மேனேஜரே டிப்ளமோ படித்தவராக இருக்கலாம். ஒரே வாக்கியத்தில் உண்மையைச் சொல்லி நகர வேண்டும். தொழிற்சாலை தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001 சான்று வைத்திருந்தால் ஒரு பிடி கிடைக்கும். அதன் 2015 பதிப்பில் 7.2-ம் பிரிவு, வேலை செய்பவரின் தகுதியைப் பொருத்தமான கல்வி, பயிற்சி அல்லது அனுபவம் ஆகியவற்றின் அடிப்படையில் உறுதிசெய்யச் சொல்கிறது. அதற்கான பதிவையும் வைத்திருக்கச் சொல்கிறது. அங்கே இருக்கும் 'அல்லது' முக்கியம். டிப்ளமோ இல்லாதவரைப் போட்டால் ஆடிட்டில் கேள்வி வரும் என்று எச்.ஆர். நினைத்தால், பதிவோடு கூடிய அனுபவமும் செல்லும் என்று எடுத்துக்காட்டலாம். ஆனால் அது கம்பெனியைக் கட்டாயப்படுத்தாது. கம்பெனி தன் விதியில் டிப்ளமோ வேண்டும் என்று வைத்திருக்கலாம். கடிதத்தில் இந்தப் பிரிவு எண்ணை எழுதி வக்கீல் நோட்டீஸ்போல் ஆக்கிவிடக்கூடாது. நேர்முகத்தில் கேட்டால் சொல்லத் தயாராக வைத்திருந்தால் போதும். மின்சாரம், பாய்லர் போன்ற இடங்களில் மேற்பார்வைக்கு உரிமம் வேண்டும் என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறது. அங்கே எந்தக் கடிதமும் உரிமத்துக்கு ஈடாகாது. முதலில் அந்தத் தேர்வைத்தான் எழுத வேண்டும்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. இந்த உதாரணத்துக்கு எழுதினால் இப்படி வரும்.

அனுப்புநர்: (பெயர்), சிஎன்சி ஆபரேட்டர், டர்னிங் செக்ஷன், பணியாளர் எண்

பெறுநர்: புரொடக்ஷன் மேனேஜர் அவர்கள்

வழி: ஷிஃப்ட் இன்சார்ஜ் அவர்கள்

பொருள்: டர்னிங் செக்ஷன் சூப்பர்வைசர் பதவிக்கு விண்ணப்பம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். டர்னிங் செக்ஷன் சூப்பர்வைசர் பதவிக்கு விண்ணப்பிக்கிறேன். 11 வருடமாக இந்த செக்ஷனில் வேலை செய்கிறேன். நான் ஓட்டும் இரண்டாம் எண் மெஷினில் செட்டிங் முதல் ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் வரை தனியாகச் செய்ய இரண்டு பேருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். ஒருவர் ஐந்து மாதமாகவும் இன்னொருவர் இரண்டு மாதமாகவும் தனியாக ஓட்டுகிறார்கள். ஸ்கில் மேட்ரிக்ஸில் பதிவாகியுள்ளது.

காலை ஷிஃப்டின் முதல் அரை மணியில் 25 மி.மீ. போரில் ரிஜெக்ஷன் அதிகமாக இருந்தது. மெஷின் குளிர்ந்திருப்பதால் அளவு நகர்கிறது என்பதை அளந்து பார்த்து உறுதி செய்தேன். மெயின்டனன்ஸ், சேஃப்டி இரண்டு பிரிவின் எழுத்துபூர்வ அனுமதியோடு, ஷிஃப்ட் மீட்டிங் நேரத்தில் வார்ம்-அப் புரோகிராம் ஓட்ட ஆரம்பித்தோம். புரொடக்ஷன் நேரம் இதற்காகக் குறையவில்லை. 24 நாளில் 216 ஆக இருந்த ரிஜெக்ஷன் அடுத்த 24 நாளில் 72 ஆனது. குவாலிட்டி இன்ஜினியர் இந்தக் கணக்கைச் சரிபார்த்தார். மற்ற மூன்று மெஷின் ஆபரேட்டர்களும் தாங்களே அளந்து பார்த்த பிறகு இந்த முறைக்கு மாறினார்கள்.

சென்ற மாதம் இரண்டாம் ஷிஃப்டில் போர் அளவு தவறியபோது மெஷினை நிறுத்தி, கடைசியாகச் சரியாக இருந்த பீஸுக்குப் பின் வந்த 40 பீஸையும் பிரித்து குவாலிட்டிக்குத் தெரிவித்தேன். 14 பீஸ் ரிஜெக்ட் ஆனது. அடுத்த ஆபரேஷனுக்கு ஒன்றும் போகவில்லை.

இன்சார்ஜ் விடுப்பில் இருந்த நாட்களில், இந்த வருடம் ஒன்பது ஷிஃப்ட், ஆள் பிரித்து விடுவதும் ஹேண்ட் ஓவர் எழுதுவதும் என்னிடம் கொடுக்கப்பட்டது. அந்தக் குறிப்புகள் ஷிஃப்ட் லாக் புக்கில் உள்ளன.

என்னிடம் டிப்ளமோ இல்லை. பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் தயாரிப்பதில் எனக்கு இன்னும் பயிற்சி தேவை. தினசரி புரொடக்ஷன் ரிப்போர்ட்டைக் கடந்த ஆறு வாரமாக இன்சார்ஜ் மேற்பார்வையில் நானே போட்டுப் பழகி வருகிறேன்.

மூன்று மாதம் பொறுப்பு சூப்பர்வைசராக வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்தாலும் எனக்குச் சம்மதம். நேரில் பேச ஒரு நேரம் ஒதுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம், தேதி)

இதில் சில இடங்களைக் கவனிக்க வேண்டும். 'ஓட்ட ஆரம்பித்தோம்' என்று பன்மையில் இருக்கிறது. அளந்து உறுதி செய்தது மட்டும் 'நான்'. தனியாகச் செய்ததை ஒருமையிலும் கூடிச் செய்ததைப் பன்மையிலும் எழுத வேண்டும். எல்லாவற்றையும் 'நான்' ஆக்கினால், நாளைக்கு அவருக்குக் கீழே வேலை செய்யப் போகிறவர்களிடம் அந்தக் கடிதம் எப்படியாவது போய்ச் சேரும். எல்லாவற்றையும் 'நாங்கள்' ஆக்கினாலோ, இவர் என்ன செய்தார் என்றே தெரியாது.

குறையைச் சொல்லியிருக்கும் இடம் பலருக்கு உறுத்தும். ஆனால் மேனேஜரின் இரண்டாவது பயம் அதுதான்: ரிப்போர்ட் போடுவாரா, மெயில் அனுப்புவாரா, மீட்டிங்கில் எண்ணைச் சொல்வாரா? அவர் மனதில் இருப்பதை நாமே எடுத்து வைத்து, ஆறு வாரமாகப் பழகுகிறேன் என்றால், பேச்சு அங்கிருந்து தொடங்கும். இந்த வரியைப் பொய்யாக எழுத முடியாது என்பதையும் பார்க்க வேண்டும். ஆறு வாரம் என்றால் கடிதத்துக்கு ஆறு வாரம் முன்பே இன்சார்ஜிடம் கேட்டுத் தொடங்கியிருக்க வேண்டும். அந்த ஒன்பது ஷிஃப்டும் அப்படித்தான். பதவி காலியாகும்போது எழுதுகிற கடிதம் என்றாலும், அதற்கான வேலை ஆறு மாதம் முன்பே தொடங்குகிறது. ஒரு நோட்டில் தேதி, நடந்தது, எண், எந்த ரெஜிஸ்டர் என்று நான்கு கட்டம் போட்டு வாரம் ஒரு வரி எழுதிவந்தால் போதும். நினைவிலிருந்து எழுதினால் 'நிறைய', 'பலமுறை' என்ற சொற்கள்தான் வரும்.

பழைய சூப்பர்வைசர் சரியில்லை என்று ஒரு வார்த்தைகூட வரக்கூடாது. "இப்போது செக்ஷனில் ஒழுங்கு இல்லை, நான் வந்தால் சரிசெய்வேன்" என்பதும் அதே குற்றச்சாட்டுதான். அந்த சூப்பர்வைசரை நியமித்தவர் பெரும்பாலும் இந்தக் கடிதத்தைப் படிக்கிறவராகவே இருப்பார். சீனியாரிட்டியை வாதமாக வைப்பதும் அப்படித்தான் திரும்பித் தாக்கும். 13 வருடம் ஆனவர் ஒருவர் அதே பதவி கேட்டால் அந்த வாதம் அவருக்குப் போய்விடும்.

'வழி: ஷிஃப்ட் இன்சார்ஜ்' என்பதைச் சிலர் தவிர்த்துவிட்டு நேராக மேலே கொடுக்கிறார்கள், இன்சார்ஜ் தடுத்துவிடுவார் என்ற பயத்தில். அவரைத் தாண்டிப் போன கடிதத்தை மேனேஜர் முதலில் அவரிடமே அனுப்பிக் கருத்துக் கேட்பார். அப்போது வரும் கருத்து எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பு அவரிடம் நேரில் காட்டி, "சார், ஒன்பது ஷிஃப்ட் கணக்கு சரிதானா பாருங்க" என்று கேட்பது நல்லது. சரிபார்க்கச் சொல்லிக் கேட்டால் அவரும் அந்தக் கடிதத்தில் ஒரு பங்காளியாகிவிடுகிறார். உண்மையிலேயே தடுக்கிறார் என்றால், ஒரு நகலில் தேதியோடு பெற்றுக்கொண்ட கையொப்பம் வாங்கிக்கொண்டு, ஒரு வாரம் பொறுத்து எச்.ஆரிடம் கேட்கலாம்.

நேர்முகத்தில் அனேகமாக வரும் கேள்வி ஒன்று உண்டு: "நேத்துவரைக்கும் உங்ககூட டீ குடிச்சவர் நாளைக்கு லேட்டா வந்தா என்ன பண்ணுவீங்க?" "கண்டிப்பாக இருப்பேன்" என்ற பதிலும், "அன்பாகச் சொல்வேன்" என்ற பதிலும் காற்றில் போய்விடும். ஒரு காலை நேரத்தை எடுத்துச் சொல்ல வேண்டும். நான்கு மெஷின், மூன்று பேர்தான் வந்திருக்கிறார்கள். எந்த மெஷினை நிறுத்துவீர்கள், ஏன்? அன்றைக்கு டிஸ்பேட்ச் இருக்கிற பார்ட் எது, யாருக்கு எந்த செட்டிங் தெரியும், எந்த இரண்டு மெஷினை ஒருவர் சேர்த்துப் பார்க்க முடியும், தாமதமாக வந்தவரிடம் எல்லோர் முன்னாலுமா தனியாகவா, எப்போது பேசுவீர்கள், இரண்டாம் முறை நடந்தால் எங்கே பதிவு செய்வீர்கள் என்று வரிசையாகச் சொல்லத் தெரிந்தால் நம்பிக்கை வரும். அந்த ஒன்பது ஷிஃப்டில் இது ஏற்கெனவே நடந்திருக்கும். லாக் புக்கைப் புரட்டி அந்த நாளை நினைவுபடுத்திக்கொண்டு போக வேண்டும்.

"இந்த முறை இல்லை" என்று பதில் வந்தால், எது குறைவாக இருந்தது என்பதைக் கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 'படிப்பு' என்று பொதுவாகச் சொன்னால், எந்தப் படிப்பு, பகுதிநேரமாக முடித்தால் ஏற்பார்களா, அதுவரை இன்சார்ஜ் விடுப்பு நாட்களைத் தொடர்ந்து பார்க்கலாமா என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும். அந்தப் பதிலைத் தேதியோடு அதே நோட்டில், அடுத்த வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.